‘மொத்த லாபம்’ என்று வாயில் வந்துவிட்டது: விடுதி ஒப்பந்தத்தைத் தாளைப் பார்த்தபடியே தமிழில் சொன்ன கதை

எழுத்துமேசை | 8 நவம்பர் 2025, இரவு 9.40

கிராஸ் ஆபரேட்டிங் பிராஃபிட் என்பதை வாயால் சொல்லும்போது தமிழில் என்ன சொல்வீர்கள்? எழுதும்போது அல்ல. எதிரே ஆள் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஆங்கிலத் தாள், யோசிக்க மூன்று விநாடி. நான் இன்று ‘மொத்த லாபம்’ என்றேன். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு மனசு அடித்துக்கொள்கிறது.

மறையூரில் எனக்கு ஒரு சின்னக் கடை. மனு எழுதுவது, டைப்பிங், மலையாளத் தாளைத் தமிழில் படித்துச் சொல்வது, ஆங்கிலத் தாளை இரண்டிலும் சொல்வது. இன்று வந்தவர் காந்தல்லூர்ப் பக்கம் பூண்டு போடுகிற பெரியவர். எட்டு அறை வைத்து ஒரு விடுதி கட்டியிருக்கிறார், வங்கிக் கடனில். அதை நடத்தித் தருகிறோம் என்று கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி வந்திருக்கிறது. 31 பக்கம் நிர்வாக ஒப்பந்தம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “தம்பி, காசு யாருக்கு எவ்வளவுன்னு எழுதியிருக்கிற இடத்தை மட்டும் சொல்லு.”

அந்தப் பத்தி ஒரே வாக்கியம், பதினொரு வரி. படித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனேன். ‘வரவில் 5 சதவீதம் அடிப்படைக் கட்டணம், மொத்த லாபத்தில் 10 சதவீதம் ஊக்கக் கட்டணம்.’ அவர் தலையாட்டினார். “லாபம் வந்தாத்தானே பத்து? சரி, நியாயந்தான்.” நானும் சரி என்றேன்.

சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கம்பம்மெட்டு | 8 நவம்பர், இரவு 10.15

இதற்கு ஏன் இவ்வளவு கவலை. எங்கள் வீட்டு மாடியையும் ஒரு கம்பெனிக்குத்தான் கொடுத்திருக்கிறோம். மாதம் முதல் தேதி பணம் வந்துவிடும். அவன் லாபம் அவனுக்கு, நமக்கென்ன? பெரியவரிடம் மாதம் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

எழுத்துமேசை | 8 நவம்பர், இரவு 10.30

அது வாடகை. மழை பெய்தாலும் ரோடு அடைந்தாலும் உங்களுக்கு முதல் தேதி வந்துவிடும், ஆள் வராத நஷ்டம் அவர்களுடையது. இது அப்படியல்ல. விடுதியும் வியாபாரமும் பெரியவருடையவை. சமையல்காரர் சம்பளமும் மின் கட்டணமும் அவர் தலையில். கம்பெனி நடத்திக் கொடுத்துவிட்டுக் கட்டணம் எடுத்துக்கொள்ளும். நஷ்டம் வந்தால் அவருக்கு. மாதம் எவ்வளவு என்று எந்தப் பக்கத்திலும் இல்லை, தேடிவிட்டேன்.

ஆனால் நீங்கள் கேட்டதும் நல்லதுதான். பெரியவரும் மனசுக்குள் வாடகை என்றே நினைத்துக்கொண்டிருந்தால்? நான் அதைக் கேட்கவில்லை.

ராக்கணக்கு | 9 நவம்பர், காலை 6.05

ஓட்டல்களில் இரவுக் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவன் நான். தூக்கம் வராது, அதனால் இந்த நேரம்.

‘மொத்த லாபம்’ ஆபத்து. கடைக்காரர் காதில் மொத்த லாபம் என்றால் எல்லாம் போக மிஞ்சுவது. ஓட்டல் கணக்கில் அந்தச் சொல் நடுவழியில் நிற்கிற ஒரு தொகை. வரவிலிருந்து சம்பளம், மளிகை, மின்சாரம், சலவை, பழுதுபார்ப்பு, முன்பதிவுத் தளங்களின் கமிஷன் எல்லாம் கழித்தால் வருவது அது. அதற்குக் கீழேதான் கட்டிட வரி, காப்பீடு, கடன் வட்டி, தேய்மானம் எல்லாம். உலகம் முழுக்க ஓட்டல்காரர்கள் பார்த்து எழுதுகிற கணக்கு முறை ஒன்று இருக்கிறது, 1926-ல் நியூயார்க் ஓட்டல்காரர்கள் சேர்ந்து போட்டது. அதில் நிர்வாகக் கட்டணமே இந்தத் தொகைக்குக் கீழேதான் உட்காரும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இது ஏமாற்று அல்ல. பெரியவர் எவ்வளவு கடன் வாங்கினார் என்பது கம்பெனியின் கையில் இல்லை. அதனால் தங்கள் கையில் இருக்கிற செலவு வரைக்கும் கழித்து, அதில் பங்கு கேட்கிறார்கள். பெரிய ஓட்டல்களிலும் இதே கதைதான். தெரிந்து கையெழுத்துப் போட்டால் தப்பில்லை.

பத்தியில் ‘அட்ஜஸ்டட்’ என்ற சொல் முன்னால் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடிப்படைக் கட்டணத்தைக் கழித்துவிட்டுத்தான் பத்து சதவீதம் போடுவார்கள்.

எழுத்துமேசை | 9 நவம்பர், காலை 8.20

பார்த்தேன். இல்லை.

சரி, நேற்று சொல்லாமல் விட்டதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பதினொரு வரியில் நான் நிறுத்தியது ஏழாவது வரியில். அங்கே ஓர் அரைப்புள்ளி இருந்தது. பெரியவர் தலையாட்டியதும் நான் மூச்சு விட்டேன், அவர் போனை எடுத்துப் பார்த்தார். மிச்ச நாலு வரியை ‘அப்புறம் இது எப்போது கட்ட வேண்டும் என்பது’ என்று ஓட்டிவிட்டேன். காலையில் நிதானமாகப் படித்தால் பத்தாவது வரியில் இருக்கிறது: உரிமையாளருக்குக் கடன் தவணை போக ஏதும் மிஞ்சினாலும் மிஞ்சாவிட்டாலும் இந்தக் கட்டணங்கள் கட்டியே தீர வேண்டும்.

அதாவது அவர் கேட்ட “லாபம் வந்தாத்தானே?” என்ற கேள்விக்கு நேர்ப் பதில் அந்தத் தாளிலேயே இருந்தது. நான் வாயை மூடிய இடத்துக்கு மூன்று வரி கீழே.

மொழிக்கூடம் | 9 நவம்பர், மதியம் 1.10

கோவையில் வாய்மொழிபெயர்ப்பு சொல்லிக்கொடுக்கிறேன். இது உங்கள் ஒருவர் தவறல்ல, இரண்டு மொழிகளின் கட்டு அப்படி. சட்ட ஆங்கிலம் முதலில் ‘கம்பெனிக்கு இவ்வளவு உரிமை’ என்று முடித்துவிட்டு, ‘ஆனால் இப்படியென்றால், அப்படியென்றாலும்’ என்று வால் கட்டிக்கொண்டே போகும். தமிழில் நிபந்தனை முன்னால் வந்து வினை கடைசியில் விழ வேண்டும். முன்னாலிருந்து அப்படியே பெயர்த்துக்கொண்டு போனால், வினை விழுந்த இடத்தில் கேட்பவருக்கு வாக்கியம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எல்லாம் அவருக்குக் கொசுறு.

கேட்காமலே ஒரு யோசனை: வாயைத் திறக்கும் முன் பத்தியை மௌனமாகப் படிக்க நேரம் கேளுங்கள். நான்கு நிமிடம் போதும். பென்சிலால் முக்கிய வினையைச் சுற்றி ஒரு கட்டம், யார் கொடுக்கிறார் யார் வாங்குகிறார் என்பதற்குக் கீழே கோடு, ஒவ்வொரு ‘இருந்தாலும், தவிர, எனில்’ பக்கத்திலும் ஓர் எண். பிறகு எண்களைச் சொல்லும் வரிசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பத்தியில் பத்தாவது வரிதான் முதலில் வர வேண்டும்.

எழுத்துமேசை | 9 நவம்பர், மாலை 5.45

நான்கு நிமிடம் பேசாமல் உட்கார்ந்தால் எங்கள் பக்கம் ‘இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது’ என்று எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். விளையாட்டல்ல, ஒரு முறை நடந்திருக்கிறது.

ஆனாலும் செய்து பார்த்தேன், வீட்டில், மனைவியை எதிரே உட்கார வைத்து. இப்படி வந்தது: ‘உங்களுக்குக் கடன் கட்டியது போகக் கையில் ஒன்றும் நிற்காவிட்டாலும், கம்பெனிக்கு நீங்கள் இரண்டு கட்டணம் கட்ட வேண்டும். ஒன்று, விடுதிக்கு வருகிற மொத்த வரவில் நூற்றுக்கு ஐந்து. இரண்டு, விடுதியை நடத்துகிற செலவு மட்டும் கழித்த மிச்சத்தில் நூற்றுக்குப் பத்து. நடத்துகிற செலவு என்பதில் உங்கள் வங்கித் தவணை சேராது.’

மனைவி கேட்டாள்: “அப்ப அவருக்கு என்ன மிஞ்சும்?” அதைத்தான் அவரும் கேட்டிருக்க வேண்டும்.

மொழிக்கூடம் | 9 நவம்பர், மாலை 6.30

நன்றாக வந்திருக்கிறது. ஒரு ஆட்சேபம். தாளில் ‘உரிமையாளர்’ என்று இருக்கிறது, நீங்கள் ‘நீங்கள்’ என்கிறீர்கள். ‘வங்கித் தவணை சேராது’ என்பது அந்தப் பத்தியில் இல்லை, வேறு பக்கத்தில் இருக்கிற வரையறையிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். அது விளக்கம், பெயர்ப்பு அல்ல. எங்கே பெயர்ப்பு முடிந்து உங்கள் விளக்கம் தொடங்குகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

எழுத்துமேசை | 9 நவம்பர், இரவு 9.00

விளக்கம் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ‘இது தாளில் இருப்பது, இது மூன்றாம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கிற பொருள்’ என்று பிரித்துச் சொல்லப் போகிறேன்.

‘நீங்கள்’ விஷயத்தில் விட மாட்டேன். தமிழில் எழுவாயை விழுங்கிவிடுவது நமக்குப் பழக்கம். ‘செலவு ஏற்கப்படும்’ என்றால் யார் ஏற்பது? ‘உரிமையாளர்’ என்றால் பெரியவருக்கு நிலத்துக்கு உரிமையாளர் யாரோ என்று ஒரு மயக்கம் வருகிறது, அவர் இடத்தில் பாதி மகன் பெயரில் இருக்கிறது. வாக்கியத்துக்கு ஒரு முறையாவது ‘நீங்கள்’ அல்லது ‘கம்பெனி’ என்று சொல்லாமல் இனி வாயைத் திறப்பதில்லை.

வக்கீல்குமாஸ்தா | 10 நவம்பர், காலை 10.00

தேவையில்லாமல் குழப்பிக்கொள்கிறீர்கள். பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரியாத மொழியில் போட்ட கையெழுத்து செல்லாது. நாளைக்குப் பிரச்சினை வந்தால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று ஒரே வரி, ஒப்பந்தம் ரத்து. 1872-ம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது.

ராக்கணக்கு | 10 நவம்பர், காலை 10.25

குமாஸ்தா சார், அந்த ஒரே வரியை நம்பி எத்தனை பேர் போயிருக்கிறார்கள் தெரியுமா?

எழுத்துமேசை | 10 நவம்பர், மாலை 4.10

தேவிகுளத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் அக்காவிடம் போனில் கேட்டேன். குமாஸ்தா சொல்வதில் பாதி சரி என்றார். எதிர்த்தரப்பு தவறான தகவல் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு வழி கொடுக்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது: சாதாரணமாகக் கவனித்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் அந்த வாதம் நிற்பது கஷ்டம். ஆங்கிலம் தெரியாது என்பது மட்டும் போதாது. பொதுவாகக் கையெழுத்துப் போட்டவரை ஒப்பந்தம் கட்டுப்படுத்தும்.

அப்புறம் அக்கா சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். “அவர் உங்கிட்ட வந்து படிக்கக் கேட்டாரே, அதுவே அவருக்கு எதிரா நிக்கும். தெரிஞ்சுக்க வழி இருந்துச்சு, கேட்டுக்கிட்டார்னு ஆகும். நீ தப்பாச் சொன்னது கம்பெனி தப்பு இல்லையே.”

நான் சிரிக்கவில்லை.

ராக்கணக்கு | 10 நவம்பர், இரவு 11.50

பயப்படாமல் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். சொல் மறந்துபோகும், தொகை மறக்காது. எட்டு அறை, வருஷத்தில் 2,920 இரவு. மலைப் பக்கம் புதுக் கட்டிடத்துக்கு 1,300 இரவு போனால் நல்லது. இரவுக்கு 2,000 என்றால் 26 லட்சம். சாப்பாட்டில் ஒரு 4 லட்சம். வரவு 30 லட்சம் என்று வையுங்கள், நடத்துகிற செலவு 18. மிச்சம் 12 லட்சம், இதுதான் உங்கள் ‘மொத்த லாபம்’. இனி கட்டணத்தைப் போடுங்கள்.

கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம் ஆகிவிட்டது, ஆனால் உள்ளீட்டு வரவு கிடையாது. ஆகவே கம்பெனிக்குக் கட்டுகிற அந்தப் பதினெட்டைப் பெரியவர் திரும்ப எடுக்க முடியாது. அது அவர் கையிலிருந்து போகிற காசு.

எழுத்துமேசை | 11 நவம்பர், காலை 7.30

போட்டேன். தப்பிருந்தால் சொல்லுங்கள்.

அடிப்படைக் கட்டணம் 1,50,000. ஊக்கக் கட்டணம் 1,20,000. சேர்த்து 2,70,000, அதற்கு வரி 48,600. கம்பெனிக்குப் போவது 3,18,600. கட்டில் மெத்தை மாற்ற, கீசர் மாற்ற என்று வரவில் 4 சதவீதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று வேறொரு பத்தி சொல்கிறது, அது 1,20,000. பெரியவர் பணம்தான், ஆனால் தொட முடியாது. பன்னிரண்டு லட்சத்தில் இதெல்லாம் போக 7,61,400. வங்கித் தவணை மாதம் 55,000, வருஷத்துக்கு 6,60,000. காப்பீடும் கட்டிட வரியும் சுமார் 40,000. கடைசியில் கையில் 61,400.

இது நல்ல வருஷம்.

மழை அடித்து ரோடு போய், வரவு 22 லட்சமாக இறங்கினால்? ஆள் சம்பளம் அதே விகிதத்தில் இறங்காது. செலவு பதினைந்தரை என்று வைத்தேன். மிச்சம் ஆறரை. கம்பெனிக்கு 1,75,000, வரியோடு 2,06,500. எடுத்து வைக்க 88,000. பாக்கி 3,55,500. தவணையும் காப்பீடும் வரியும் 7,00,000. பெரியவர் பூண்டு விற்று 3,44,500 போட வேண்டும். அந்த வருஷமும் ஊக்கக் கட்டணம் உண்டு, 65,000. யாருக்கு ஊக்கம் என்றுதான் தெரியவில்லை.

எனக்குக் குத்துவது வேறொன்று. அவர் புரிந்துகொண்டபடி, அதாவது தவணையும் காப்பீடும் வரியும் போக மிஞ்சுவதுதான் லாபம் என்றால், நல்ல வருஷத்தில் அந்தப் பத்து சதவீதம் 50,000. தாளில் இருப்பதன்படி 1,20,000. என் வாயில் வந்த இரண்டு சொல்லின் விலை வருஷத்துக்கு 70,000 ரூபாய், வரி தனி.

ராக்கணக்கு | 11 நவம்பர், காலை 9.15

கணக்கு சரி. அந்த வைப்புப் பணத்தில் ஒன்று கேளுங்கள்: ஒப்பந்தம் முடியும்போது மிச்சம் யாருக்கு? பெரும்பாலும் உரிமையாளருக்குத்தான் வரும். எழுதியிருக்க வேண்டும்.

கம்பம்மெட்டு | 11 நவம்பர், காலை 9.40

அப்ப எங்கள் வாடகையே மேல்.

எழுத்துமேசை | 11 நவம்பர், மதியம் 2.20

உங்கள் வாடகை எவ்வளவு என்று சொல்லாமல் மேல் கீழ் சொல்ல முடியாது.

எழுத்துமேசை | 13 நவம்பர், இரவு 8.50

இன்று பெரியவரை மறுபடி வரச் சொன்னேன். ‘அன்னைக்கு ஒரு சொல்லைத் தப்பாச் சொல்லிட்டேன், ஐயா’ என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “சொல்லு” என்று கையைக் கட்டிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நான்கு நிமிடம் மௌனமாகப் படித்தேன். முன்கூட்டியே டீ சொல்லி வைத்திருந்தேன், அவர் குடித்து முடிக்கவும் நான் நிமிரவும் சரியாக இருந்தது. மொழிக்கூடம் அவர்களே, இதை உங்கள் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

பத்தாவது வரியை முதலில் சொன்னேன். அடுத்து ஐந்து, அடுத்து பத்து. அப்புறம் காகிதத்தில் கணக்கு. அவர் 61,400-ஐ இரண்டு முறை விரலால் தொட்டுப் பார்த்தார். “இதுக்கு நானே நடத்தலாமே” என்றார். பதில் சொல்ல வாய் துடித்தது, சொல்லவில்லை. அவர் நடத்தினால் 1,300 இரவு போகுமா என்பது எனக்குத் தெரியாது, அது என் வேலையும் அல்ல.

அடுத்த பத்தியில் இன்னொரு குழி. பணியாளர் எல்லோரையும் கம்பெனி ‘ஃபார் தி அக்கவுன்ட் ஆஃப் தி ஓனர்’ நியமிக்கும் என்று இருந்தது. பழைய பழக்கத்தில் ‘உங்கள் கணக்கில்’ என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. “என் கணக்குல வருமா?” பேங்க் கணக்கில் ஏதோ வரவு வைப்பார்கள் என்று எடுத்துக்கொண்டார்!

நல்லவேளை, டீக்கடைப் பையன் கிளாஸ் எடுக்க வந்தான். “ஐயா, நான் இந்தப் பையன்கிட்ட இந்த ரெண்டு டீயையும் உங்க கணக்குல எழுதிக்கன்னு சொன்னா என்ன அர்த்தம்?” என்றேன். “நான் காசு கொடுக்கணும்னு அர்த்தம்.” “இதுவும் அந்தக் கணக்குதான்.” ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் “டீக்கு நீதானே காசு கொடுக்கிறே?” என்று கேட்டார்.

மொழிக்கூடம் | 13 நவம்பர், இரவு 10.05

டீ உதாரணத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ‘கணக்கில்’ என்று எழுதுவது எழுத்துப் பெயர்ப்பில் குற்றமில்லை, வாயில்தான் இரண்டு பக்கமும் சாயும். ‘உங்கள் செலவிலும் பொறுப்பிலும்’ என்றால் தப்பிக்கலாம்.

எழுத்துமேசை | 14 நவம்பர், காலை 7.00

ஆமாம், அதில் ‘பொறுப்பு’ முக்கியம். சம்பளம் கொடுப்பதோடு முடியவில்லை, ஆளை நிறுத்தினால் வருகிற வழக்கும் அவர் தலையில்தான்.

எழுத்துமேசை | 17 நவம்பர், இரவு 9.30

கம்பெனி ஆள் நேரில் வந்தான். இருபத்தைந்து வயசுப் பையன், மரியாதையானவன், பெரியவரை ‘சேட்டா’ என்றுதான் கூப்பிட்டான். மலையாளம். பெரியவருக்குச் சந்தை மலையாளம் நன்றாக வரும், அதனால் இருவரும் நேராகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு வேலையில்லை என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். தப்பு.

ஒப்பந்தத்தை இடையில் முறிப்பது பற்றிப் பேச்சு. பையன் சொன்னான், உடமஸ்தனுக்கு ரத்து செய்ய ‘அவகாசம்’ உண்டு என்று. பெரியவர் என்னைப் பார்த்து, “டைம் தர்றாங்களாம்” என்றார். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. நமக்கு அவகாசம் என்றால் தவணை நாள். பையன் ‘முறிக்க உரிமை உண்டு’ என்கிறான், இவர் ‘முறிக்க நாள் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று எடுத்துக்கொள்கிறார். தாளில் அந்த உரிமைக்கு நிபந்தனை இருக்கிறது: இரண்டு வருஷம் தொடர்ந்து, பட்ஜெட்டில் போட்ட மிச்சத்தில் 80 சதவீதத்தை விடுதி எட்டாமல் போனால்தான் முறிக்கலாம். ஒரு வருஷம் எட்டினாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

இடைமறித்து இரண்டு பேருக்கும் சொன்னேன். பையனுக்கே ஆச்சரியம். “இது கரார் அல்லே, சேட்டா, எல்லாம் எழுதியிட்டுண்டு” என்றான். பெரியவர் காதில் அது ‘கறாரா இருப்போம்’ என்று விழுந்திருக்கிறது. மலையாளத்துக் கரார் நம்முடைய ஒப்பந்தம். எல்லையில் இருந்துகொண்டு இரண்டு மொழியும் தெரியும் என்று நினைத்துக்கொள்வதுதான் பெரிய தொல்லை. தெரியாத மொழியாக இருந்தால் கேட்டாவது தொலைப்போம்.

வக்கீல்குமாஸ்தா | 17 நவம்பர், இரவு 10.20

எங்கள் ஆபீசில் ஒருவர் ‘ஆதாரம் வேண்டும்’ என்று மலையாளத்தில் கேட்க, வந்தவர் சாட்சி இரண்டு பேரைக் கூட்டிவந்தார். கேட்டது பத்திரம்.

ராக்கணக்கு | 18 நவம்பர், காலை 5.50

அந்த பட்ஜெட்டை யார் போடுகிறார்கள்? கம்பெனியே போட்டு, பெரியவர் இத்தனை நாளுக்குள் மறுப்பு சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும் என்று எங்காவது இருக்கும். பட்ஜெட்டைக் குறைத்துப் போட்டால் 80 சதவீதத்தை எட்டுவது சுலபம். முறிக்கும் உரிமை ஏட்டுச் சுரைக்காய்.

எழுத்துமேசை | 18 நவம்பர், மதியம் 12.40

பதினெட்டாம் பக்கம். 15 நாள். ஆங்கிலத்தில் அனுப்பப்படும் என்றும் இருக்கிறது. அதைப் பெரியவருக்குச் சொல்லிவிட்டேன். வருஷா வருஷம் என் கடைக்கு வேலை என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு மாதிரிப் பார்த்தார்.

எழுத்துமேசை | 21 நவம்பர், இரவு 10.10

இப்போது வேறு சிக்கல். கம்பெனி கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறது: ‘இவ்வொப்பந்தம் முழுவதும் உரிமையாளருக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டு, அவர் புரிந்துகொண்டார்.’ அதற்குக் கீழே என் கையெழுத்துக்கு இடம்.

நான் முழுவதும் படித்துக் காட்டவில்லை. 31 பக்கத்தில் ஏழு பக்கம். புரிந்துகொண்டார் என்று நான் எப்படிச் சொல்வது? தலையாட்டினார் என்று வேண்டுமானால் எழுதித் தரலாம். முதல் நாளும் தலையாட்டினாரே.

வக்கீல்குமாஸ்தா | 21 நவம்பர், இரவு 10.40

போட்டுவிடுங்கள், எல்லோரும் போடுவதுதான். சடங்கு.

மொழிக்கூடம் | 22 நவம்பர், காலை 8.15

போடாதீர்கள். வாயால் சொன்னதற்கு எழுத்தில் பொறுப்பு கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல் பயன்படுத்தினீர்கள் என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. முழு எழுத்துப் பெயர்ப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கூலி, தனியாக நாள்.

ராக்கணக்கு | 22 நவம்பர், காலை 9.00

போடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போடாவிட்டால் கம்பெனி வேறொருவரிடம் வாங்கிக்கொள்ளும். அவர் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார்.

எழுத்துமேசை | 22 நவம்பர், இரவு 9.20

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் கஷ்டம். அவர்கள் வரியை அடித்துவிட்டு நானே எழுதினேன்: 4, 5, 7, 18 ஆகிய பக்கங்களில் குறித்த பத்திகளை இந்தத் தேதிகளில் ஆங்கிலத்திலிருந்து தமிழில் வாயால் சொன்னேன், மற்றவற்றைச் சொல்லவில்லை, சட்ட ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. ஏழு பக்கம் என்று நேற்று எழுதியது தப்பு, எண்ணிப் பார்த்தால் நான்கும் மூன்றாம் பக்கத்து வரையறை ஒன்றும்தான். அதையும் சேர்த்தேன். கம்பெனி ஏற்குமா தெரியாது. குமாஸ்தா சிரிப்பார்.

வக்கீல்குமாஸ்தா | 22 நவம்பர், இரவு 9.35

சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியத்தை எனக்கு அனுப்புங்கள்.

எழுத்துமேசை | 2 டிசம்பர், இரவு 8.00

கம்பெனி திருத்தி அனுப்பியிருக்கிறது. பெரியவர் கேட்டபடி, நடத்துகிற செலவு போக மிச்சம் வருஷத்துக்கு 9 லட்சத்தைத் தாண்டினால் மட்டும் ஊக்கக் கட்டணம். ‘மிஞ்சினாலும் மிஞ்சாவிட்டாலும்’ என்பதை எடுத்துவிட்டார்கள். பெரியவர் போனில் சந்தோஷமாகச் சொன்னார். மகன் வாட்ஸ்அப்பில் தாளை அனுப்பினான்.

டீ சொல்லாமலே நான்கு நிமிடம் படித்தேன். எடுத்த இடத்தில் புதிதாக ஒரு வரி: ஒரு வருஷத்தில் கட்டப்படாத ஊக்கக் கட்டணம் ‘அக்ரூ’ ஆகும். அதாவது தள்ளுபடி ஆகாது. சேர்ந்துகொண்டே போய், நல்ல வருஷத்தில் மொத்தமாக வந்து நிற்கும். 65,000 என்று மேலே போட்டேனே, அது போகவில்லை, வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது.

ராக்கணக்கு | 2 டிசம்பர், இரவு 11.30

இதுவும் வழக்கத்தில் இருப்பதுதான். ‘சேராது, அந்த வருஷத்தோடு போனது’ என்று எழுதச் சொல்லலாம். ஒத்துக்கொள்வார்களா என்பது கம்பெனிக்கு அந்த எட்டு அறை எவ்வளவு வேண்டும் என்பதைப் பொறுத்தது.

எழுத்துமேசை | 4 டிசம்பர், மாலை 6.15

இன்று சொன்னேன். ‘சேரும்’ என்றால் அவருக்கு வரவு சேர்வதாகப் படும் என்று பயந்து, ‘பாக்கி நிற்கும், பிறகு கேட்பார்கள்’ என்றேன்.

“பூண்டு யாவாரி பாக்கி மாதிரியா?” என்றார்.

ஆமாம், ஐயா, ஆனால் இங்கே யாவாரி அவர்கள்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை. டீக்கு இந்த முறை அவர்தான் கொடுத்தார்.